மதாம் வரியில் இருந்த பணம்

எங்கள் குழுவின் தலைவியம்மா இறந்து காரியம் முடிந்த மறுநாள், அவருடைய மருமகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசற்படியில் வைத்தாள். "இதெல்லாம் எங்க வீட்ல இருந்தா சரியா வராதுக்கா, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்தாள். பைக்குள் தீர்மானப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், ரப்பர் ஸ்டாம்பு, பிறகு சேமிப்பையும் கடனையும் சேர்த்து எழுதிய நீளமான நோட்டு. அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு அது. ஆளுக்கு மாதம் இருநூறு ரூபாய் சேமிப்பு. சேர்ந்த பணத்திலிருந்து எங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அந்தச் சமயத்தில் வங்கியில் பெரிய கடனுக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம், ஆளுக்கு ஐம்பதாயிரம் வரும் என்றார்கள். தலைவியம்மா உயிரோடு இருந்தபோதே வங்கியில் ஒன்று கேட்டிருந்தார்கள். கூட்டவாரியாக எழுதிய கணக்கு வேண்டாம். ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வளவு சேமித்திருக்கிறார், எவ்வளவு கடன் பாக்கி, தவணை தவறியிருக்கிறாரா என்று ஆள்வாரியாகப் பட்டியல் வேண்டும். தவணை தவறியவர் இருந்தால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குத்தான் கடன். பட்டியல் திங்கட்கிழமை காலை மேஜையில் இருக்க வேண்டும். பை என் வீட்டுக்கு வந்தது அதற்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. எனக்கிருந்தது ஒரு வாரம்.

நான் ஒரு பெயின்ட் கடையில் பில் போடுகிறவள். கணினி கூட்டிக் கொடுப்பதை அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பதுதான் என் வேலை. தெருவில் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? "உனக்குத்தான் கணக்கு வரும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் சொல்லிவிட்டு வேகமாகக் கலைந்துபோனார்கள்.

தலைவியம்மாவின் நோட்டில் ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வரி. சேமிப்பு, அசல், வட்டி, அபராதம், மீதி என்று ஐந்து கட்டம். முதல் நான்கும் முத்து முத்தான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. மீதிக் கட்டம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அவர் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அங்கேதான் இருந்தது எங்கள் பாக்கியெல்லாம். ஆளுக்கொரு பாஸ்புக் கொடுத்திருக்க வேண்டும். அச்சடித்து வந்த கட்டு பிரிக்காமலே பைக்குள் கிடந்தது. இறந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் மூன்று நாளும் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

வேலை இதுதான். ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய வரியை மட்டும் தேடி எடுத்துத் தேதிவாரியாக அவர் தாளில் ஏற்ற வேண்டும். சேமிப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாங்கிய கடனிலிருந்து கட்டிய அசலைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடையில் கூட்டம் இல்லாதபோதும், சாப்பாட்டு நேரத்திலும், வீட்டில் சோறு வேகும்போதும் இதே வேலையாக இருந்தேன். புதன்கிழமை மாலை பன்னிரண்டு தாளும் முடிந்தன. எல்லோருடைய சேமிப்பையும் கூட்டினேன். புத்தகத்தின் மொத்தச் சேமிப்போடு ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தியது. கடன் பாக்கியும் பொருந்தியது. வங்கி இருப்பும் பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன்.

தெருவில் மதாம் எதிரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் குடும்பத்தில் நெடுங்காலம் சமையல் வேலை பார்த்தவர் என்பதால் தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். கணவர் இல்லை. மகன் சென்னையில், வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். எங்கள் குழுவில் மாதா கோயிலுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

"மதாம், உங்க கடன் முடிஞ்சி போச்சி. பாக்கி ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் நின்றார். "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"இருபதாயிரமும் கட்டிட்டீங்க. புக்குல இருக்கு."

அவர் கையிலிருந்த பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடன் முடிந்தவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மதாம் கணக்கு முடிந்த அதே பட்டியலில் ஒரே ஒரு கணக்கு மட்டும் கெட்டுக் கிடந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து இட்லிக் கடை வைத்திருப்பவள் அவள். மதாமின் பக்கத்து வீடு. மதாம் கடன் வாங்கிய அதே கூட்டத்தில் அவளும் இருபதாயிரம் வாங்கியிருந்தாள். இருவருக்கும் மாதம் ஆயிரம் அசல். பன்னிரண்டு மாதத்தில் அவள் நான்கு தவணைதான் கட்டியிருந்தாள். மற்ற எட்டு மாதமும் அவள் வரியில் சேமிப்பிலும் கோடு, அசலிலும் கோடு, வட்டியிலும் கோடு. பாக்கி பதினாறாயிரம். எட்டுத் தவணை தவறியவள் என்றால் வங்கிப் பட்டியலில் அவளுக்கு இடமே கிடையாது.

அவளுக்கு அந்தப் பணம் எதற்கு என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் அட்வான்ஸை முப்பதாயிரம் கூட்டிக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் அந்த இடத்தைச் செல்போன் கடைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த இட்லிக் கடையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. உடம்பு முடியாத கணவனுக்கு மருந்தும் அதிலிருந்துதான். ஆனாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டு மாதம் கட்டாமல் இருந்துவிட்டு, பெரிய கடனுக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாளே என்று கடைக்கே போனேன்.

அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். கோடுகளைப் பார்த்தவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒரு மாசம் கூட விடலக்கா."

"புக்குல அப்படி இல்லையே."

"வெள்ளிக்கிழமைல கூட்டம் வச்சாங்க இல்ல, அப்போ எனக்கும் சேத்து மதாம்மாவ கட்டச் சொன்னேன். அவங்கதான் கட்டுனாங்க. தலைவியம்மா வாங்கி எழுதுனாங்க, நான் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு அந்த எட்டு மாதம் நினைவுக்கு வந்தது. நாங்கள் கூடுவது பால்வாடியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரோ டியூஷன் நடத்த ஆரம்பித்ததால், எட்டு மாதம் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றியிருந்தோம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு எங்கள் வீடுகளில் காசு வெளியே கொடுக்க மாட்டோம். லட்சுமி போய்விடுவாள் என்பது நம்பிக்கை. நானும் ஒன்றும் புரட்சிக்காரி இல்லை. முதல் நாளே தலைவியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மற்றவர்களும் அப்படித்தான். இவளுக்கு அது முடியாது. ஒரு பட்டறைக்குத் தினமும் இட்லி கொடுக்கிறாள், அவர்கள் சனிக்கிழமைதான் பணம் தருவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை அவளுக்கும் சேர்த்து மதாம் தன் காசைக் கட்டிவிடுவார். சனிக்கிழமை இவள் மதாமுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"அவங்களுக்கு வெள்ளிக்கிழம கணக்கெல்லாம் இல்லல்ல. அதனால கேட்டேன்" என்றாள்.

தலைவியம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருமுறை ஒருத்தி இன்னொருத்தியிடம் பணம் கொடுத்தனுப்பி, கொடுத்தாளா இல்லையா என்று பெரிய சண்டையாகிப் போலீஸ் வரைக்கும் போகப் பார்த்தது. அன்றிலிருந்து அவர், எந்தக் கையிலிருந்து பணம் வருகிறதோ அந்த ஆளின் வரியில்தான் எழுதுவார். உண்மையில் அது யாருடைய பணம் என்பது அவர் நெற்றிக்குள் இருக்கும். அந்த நெற்றிதான் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் நோட்டைப் பிரித்தேன். அந்த எட்டுப் பக்கத்திலும் மதாம் வரியில் சேமிப்பு நானூறு, அசல் இரண்டாயிரம். நான் ஏற்றும்போது, மதாம் ஒண்டிக்கட்டை, கையில் காசு இருக்கிறது, சீக்கிரம் அடைக்கிறார் என்று நினைத்துக் கடந்திருந்தேன். இப்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. இட்லிக்காரியின் கோடுகளுக்கு எதிரே அபராதம் இல்லை. தவணை தவறினால் தலைவியம்மா பெற்ற பெண்ணையும் விட மாட்டார். எட்டு மாதம் ஒருத்தி கட்டவில்லை, ஒரு ரூபாய்கூட அபராதம் இல்லை என்றால் அவள் கட்டியிருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய சாட்சி வட்டிக் கட்டத்தில் இருந்தது. டியூஷன் நின்று கூட்டம் மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்த முதல் மாதம். புத்தகப்படி அன்று மதாமுக்குப் பாக்கி நாலாயிரம், வட்டி நாற்பது ரூபாய் வர வேண்டும். அவர் கட்டியிருந்தது நூற்று இருபது. இட்லிக்காரிக்குப் புத்தகப்படி பாக்கி இருபதாயிரம், வட்டி இருநூறு வர வேண்டும். அவள் கட்டியிருந்ததும் நூற்று இருபது. நூற்று இருபது என்பது பன்னிரண்டாயிரத்துக்கான வட்டி. இருவரும் எட்டு எட்டுத் தவணை கட்டியிருந்தால் இருவருக்கும் பன்னிரண்டாயிரம்தான் பாக்கி. தலைவியம்மா சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் அப்படியே இருவருக்கும் எட்டாயிரம் எட்டாயிரம் பாக்கி. நான் போட்டதில் ஒருத்திக்குப் பதினாறாயிரம், இன்னொருவருக்குப் பூஜ்யம். எப்படிப் போட்டாலும் மொத்தம் பதினாறாயிரம்தான். அதனால்தான் கூட்டல் பொருந்தியது. பொருந்தியதை நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த என்னை நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை கடைக்குப் போகும் முன் மதாம் வீட்டுக்குப் போனேன். மதாம் ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னால் போதும். பட்டியலை மாற்றிவிடலாம். சுவரில் மாதா படம், கீழே ஒரு மெழுகுவர்த்தி. அவர் எனக்குக் காப்பி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் டம்ளரை என் முன்னால் வைத்தார். "புக்குல என் வரியில இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"நீயே தானே சொன்ன, உங்க கடன் முடிஞ்சி போச்சின்னு."

"எனக்குத் தெரியாம சொன்னது மதாம். வெள்ளிக்கிழம அவளுக்கும் சேத்துதானே நீங்க கட்டுனீங்க?"

"யார் காசு அது? என் காசு. என் கையால குடுத்தேன். தலைவியம்மா என் வரியில எழுதிச்சி. அப்புறம் இன்னா?"

"அவ சனிக்கிழம திருப்பித் தந்தாளா இல்லையா?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "வெயில் வருது" என்றார். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அன்று கடையில் இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். மதாமின் மேல் எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. எட்டாயிரத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரியின் பிழைப்பைக் கெடுக்கத் துணிந்துவிட்டாரே, இவரையா இத்தனை வருஷம் நல்லவர் என்று நினைத்தோம் என்று கொதித்தேன்.

எழுதியதை நான் இஷ்டத்துக்கு அடித்துத் திருத்த முடியாது. ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணத்தை மாற்ற வேண்டுமானால் கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முக்கியமாக, யார் வரியிலிருந்து எடுக்கிறோமோ அவர் போட வேண்டும். சனியும் ஞாயிறும் உறுப்பினர் ஒருத்தி வீட்டில் கல்யாணம், பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை மாலை மட்டும்.

பால்வாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மதாம் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். வெள்ளைப் புடவை கட்டி, சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்தார். இட்லிக்காரி எதிர் மூலையில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. யார் வீட்டிலோ பூஜை மணி கேட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்துத் தாள் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேர் கணக்கையும் படித்தேன். அபராதம் இல்லாததைச் சொன்னேன். நாலாயிரத்துக்கு நூற்று இருபது வட்டி எப்படி வரும் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் நான் நினைத்ததைவிட ஏறிவிட்டது. "மதாம், உங்களுக்குப் பன்னண்டாயிரம் பாக்கின்னு தெரிஞ்சிதானே அன்னைக்கு நூத்தி இருவது கட்டுனீங்க? தெரியலன்னு சொல்லுங்க, நான் இந்தத் தாளை இங்கயே கிழிச்சிப் போட்டுர்றேன்."

மதாம் என்னைப் பார்க்காமல் இட்லிக்காரியைப் பார்த்துத்தான் பேசினார்.

"தெரியும். எனக்குத் தெரியாம இருக்குமா? புதன்கிழம இவ முடிஞ்சி போச்சின்னு சொன்னா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சந்தோஷம்னு நெனச்சேன். அது சந்தோஷம் இல்ல." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "எட்டு மாசம், வெள்ளிக்கிழமைன்னா என் வாசல்ல வந்து நிப்ப. 'மதாம்மா, இன்னைக்கு எங்க வீட்டுக் காசு வெளிய போகக் கூடாது, நீங்க கட்டிருங்க'ம்ப. நானும் கட்டுவேன். உன் வீட்டுக் காசு போகக் கூடாது. என் வீட்டுக் காசு போலாம். ஏன்டி, என் வீட்டுக்கு எதுவும் வர வேணாமா? வந்தது தங்க வேணாமா?"

அந்தக் கேள்வி என் மேலும் விழுந்தது. அவரிடம் கேட்டது இவள் ஒருத்திதான். ஆனால் "மதாமுக்கென்ன, அவங்க கட்டுவாங்க" என்று அந்தப் பால்வாடியில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் இருந்தேன். அது ஒருவரைக் குத்தும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இட்லிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அப்படி நெனச்சிக் கேக்கல மதாம்மா."

"நெனைக்கலன்றதுதான் எனக்கு ஆத்திரம்" என்றார் மதாம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எழுது. ஏழு மாசம் அவளுது. சனிக்கிழம கொண்டாந்து குடுத்துட்டா. ஒரு மாசம் அவளுது இல்ல. அவ புருஷன் பெரியாஸ்பத்திரில கெடந்த மாசம். அவ குடுக்கல, நானும் கேக்கல. அது என் காசு."

நான் பேனாவை வைத்துவிட்டேன். ஏழு மாதத்தை மட்டும் மாற்றினால் இவளுக்கு ஒரு தவணை தவறியதாக நிற்கும். ஒன்றானாலும் எட்டானாலும் வங்கிக்குத் தவறியது தவறியதுதான். பட்டியலில் பெயர் வராது, கடை போய்விடும். அதைச் சொன்னேன். குழுவிலிருந்து யாரோ, "அந்த ஒண்ண நாம எல்லாம் சேந்து போட்டுர்லாமே" என்று ஆரம்பித்தார்கள்.

"வேணாம்" என்றாள் இட்லிக்காரி. அவள் விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாவது விரலில் நின்றாள். "ஆமா. அந்த மாசம். எனக்கு நெனப்பே இல்ல." பிறகு என்னைக் கேட்டாள், "அக்கா, அந்த மாசத்துக்கு எவ்ளோ?"

நோட்டில் பார்த்தேன். சேமிப்பு இருநூறு, அசல் ஆயிரம், பதினைந்தாயிரத்துக்கு வட்டி நூற்றைம்பது. "ஆயிரத்து முந்நூத்தி அம்பது" என்றேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மதாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. ஒருத்தி என் காதருகே வந்து, "விளக்கு வச்சாச்சே, இப்ப எங்க போய்..." என்றாள். நான் அவளை முறைத்ததில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

இட்லிக்காரி திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. ஒரு பிளாஸ்டிக் பையில் பணம். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, இரண்டொரு நோட்டில் மாவு ஒட்டியிருந்தது. மறுநாள் அரிசியும் உளுந்தும் வாங்க வைத்திருந்த பணம் அது. பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்தது. அவள் நேராக மதாம் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, பணத்தை அவர் மடியில் போடாமல், பாயில் வைக்காமல், அவர் கையை இழுத்து அதில் வைத்தாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு.

"எண்ணிக்குங்க மதாம்மா."

வேண்டாம், நாளைக்குக் கொடு என்று மதாம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். மற்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணி முடித்ததும், "சரியா இருக்கு. எட்டும் அவளுது. எழுது" என்றார்.

எழுதினேன். எட்டு மாதத் தவணையும் சேமிப்பும் கொடுத்தவர் பெயரில் பதியப்பட்டுவிட்டதால், கட்ட வேண்டியவர் பெயருக்கு மாற்றுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதைப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை என்ற சொல்லை எழுதலாமா என்று கேட்டேன். "தேதி இருக்கு இல்ல, போதும்" என்றார் மதாம். பேனாவை வாங்கி, பிரெஞ்சுக்காரர் வீட்டில் கற்றுக்கொண்ட சாய்வு எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தால் அவருக்கு மறுபடி எட்டாயிரம் கடன் வந்துவிட்டது. அடுத்து இட்லிக்காரி போட்டாள். பிறகு நாங்கள் எல்லோரும்.

ஆட்கள் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள். மதாம் மட்டும் எழவில்லை. கையில் இருந்த அந்தப் பணத்திலிருந்து எண்ணி எண்ணி ஒரு பங்கை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னா மதாம் இது?"

"ஆயிரம் அசலு. எட்டாயிரத்துக்கு வட்டி எம்பது. சேமிப்பு எரநூறு. என் பதிமூணாவது தவண."

"அடுத்த வாரம்தான் மாசக் கூட்டம். அப்போ குடுங்க."

"அடுத்த வாரம் வேணாம், இன்னைக்கே வாங்கிக்க" என்றார். மீதி எழுபது ரூபாயைச் சிறிய பர்ஸில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இட்லிக்காரி அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

நான் நோட்டில் புதுப் பக்கம் திறந்து தேதி போட்டேன். அவர் குனிந்து, நான் எந்த வரியில் எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். சேமிப்பு, அசல், வட்டி எழுதினேன். மீதிக் கட்டத்துக்கு வந்தபோது அவர் விரலை அதன் மேல் வைத்தார்.

"அதையும் எழுது" என்றார். ஏழாயிரம் என்று எழுதினேன்.